விடைக்குறிப்பில் இல்லாத சரியான விடை

மத்திய அரசு அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்களுக்குப் பிரபோத், பிரவீண், பிராக்யா என்று படிப்படியாக இந்திப் பாடங்கள் உண்டு. 1918-இல் காந்தி தொடங்கி வைத்த தட்சிண பாரத இந்திப் பிரசார சபாவின் பிராத்மிக், மத்யமா தேர்வுகளையும் பள்ளிப் பிள்ளைகளோடு சேர்ந்து பெரியவர்கள் எழுதுகிறார்கள். பிள்ளைகளின் நோட்டைத் திருத்த டியூஷன் டீச்சர் இருப்பார். வேலைக்குப் போய் வந்து, சமையலும் முடிந்து, இரவு பத்து மணிக்குப் பயிற்சியை எடுத்து உட்காரும் பெரியவருக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் அச்சாகியிருக்கும் விடைக்குறிப்புதான் டீச்சர்.

தமிழிலிருந்து இந்திக்குப் பத்து வாக்கியங்கள் மொழிபெயர்த்திருப்பார். விடையைத் திருப்பிப் பார்த்தால் அச்சாக ஒத்துப்போவது மூன்றோ நான்கோதான். மற்றவற்றில் ஏதோ ஒரு சொல் வேறு, அல்லது வரிசை வேறு, அல்லது கடைசி எழுத்து வேறு. அந்த ஆறு வாக்கியமும் தப்பா? பெரும்பாலானவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒரு வகையினர் ஒத்துப்போகாத எல்லாவற்றையும் அடித்துவிட்டு விடைக்குறிப்பைப் பார்த்து எழுதிவிடுவார்கள். இன்னொரு வகையினர் ‘அர்த்தம் ஒன்றுதானே’ என்று எல்லாவற்றுக்கும் டிக் போட்டுவிடுவார்கள். இரண்டிலும் கற்றுக்கொள்ள வேண்டியது கையை விட்டுப் போய்விடுகிறது. எந்த வேறுபாட்டை ஏற்கலாம், எதை ஏற்கக் கூடாது என்று தாமே கண்டுபிடிக்க வழி இருக்கிறது. அதை ஒரு சின்ன வாக்கியத்தை வைத்துப் பார்க்கலாம். இந்தி வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். மூக்கொலி வரும் இடத்தில் ‘ன்’ என்று போட்டிருக்கிறேன்.

‘அம்மா நேற்று எனக்குக் கடிதம் எழுதினாள்.’ விடைக்குறிப்பு சொல்வது: மா நே கல் முஜே சிட்டீ லிக்கீ.

ஒருவர் எழுதியிருப்பது: கல் மா நே முஜே சிட்டீ லிக்கீ. ‘நேற்று’ முன்னால் போயிருக்கிறது, அவ்வளவுதான். இதைத் தாராளமாகச் சரி என்று போடலாம். தமிழைப் போலவே இந்தியிலும் சொற்கள் வாக்கியத்துக்குள் இடம் மாறலாம். வினைக்கு ஒட்டி முன்னால் வருவதில் அழுத்தம் விழும் என்பதும் இரண்டு மொழிக்கும் பொது. ‘கடிதம் அம்மா நேற்று எழுதினாள்’ என்றால் அழுத்தம் எங்கே விழுகிறது என்று தமிழ்க் காதுக்குத் தெரியும். இந்தி வரிசையையும் அதே காதால் கேட்டுப் பார்க்கலாம். பெயரை விட்டுப் பிரியாத உருபுகள் மட்டும் நகரக் கூடாது. ‘நே’ எப்போதும் ‘மா’வுக்குப் பின்னால்தான். வரிசை மாறிய விடைகளுக்காக நேரம் செலவழிக்க வேண்டியதே இல்லை. தமிழர்கள் இதில் தப்புச் செய்வதும் குறைவு.

இன்னொருவர் எழுதியது: மா நே கல் முஜே பத்ர லிக்கா. சொல் மாறியிருக்கிறது, வினையின் கடைசியும் மாறியிருக்கிறது. விடைக்குறிப்போடு ஒப்பிட்டால் இரண்டு இடத்தில் வித்தியாசம், ஆகவே இரண்டு தப்பு என்று தோன்றும். உண்மையில் இதில் ஒரு தப்பும் இல்லை. ‘சிட்டீ’ பெண்பால் சொல், ‘பத்ர’ ஆண்பால் சொல். ‘நே’ வரும் இறந்தகால வாக்கியத்தில் வினை, எழுதியது யார் என்று பார்ப்பதில்லை. எழுதியது எதை என்று பார்க்கிறது. ஆகவே சிட்டீக்கு லிக்கீ, பத்ரவுக்கு லிக்கா. மூன்றாவதாக ‘கத்’ என்ற சொல்லும் உண்டு. அதுவும் ஆண்பால், அதற்கும் லிக்கா. மூன்றும் கடிதம்தான், மூன்று விடையும் சரிதான்.

இப்போது இதைப் பாருங்கள்: மா நே கல் முஜே சிட்டீ லிக்கா. விடைக்குறிப்புக்கு இது மேலே சொன்னதை விட நெருக்கமானது. ஒரே ஒரு எழுத்துதான் வேறு. ஆனால் இதுதான் தப்பு.

விடை திருத்துவதன் சூட்சுமம் இந்த இடத்தில் இருக்கிறது. வித்தியாசம் எத்தனை என்று எண்ணினால் தீர்ப்பு தலைகீழாகிவிடும். ஒரு சொல்லை மாற்றினால் அந்த மாற்றம் வாக்கியத்தில் எங்கெல்லாம் போய்த் தொட வேண்டுமோ அங்கெல்லாம் தொட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘நீளமான கடிதம்’ என்று இருந்தால் லம்பீ சிட்டீ, ஆனால் லம்பா பத்ர. ‘என் கடிதம்’ என்றால் மேரீ சிட்டீ, ஆனால் மேரா பத்ர. சட்டையில் ஒரு பொத்தானைத் தப்பாகப் போட்டால் கீழே உள்ளவை எல்லாம் ஒன்றுவிட்டு ஏறிக்கொள்வது போல, பெயர்ச்சொல் மாறினால் பெயரடையும் வினையும் கூடவே மாறியாக வேண்டும்.

பெரியவர்களின் நோட்டுகளில் அதிகம் தென்படும் பிழை, இந்தப் பாதி மாற்றம்தான். அது எழுதும்போது மட்டும் வருவதில்லை, திருத்தும்போதும் வருகிறது. ‘பத்ர லிக்கா’ என்று சரியாக எழுதியவர் விடைக்குறிப்பில் ‘லிக்கீ’யைப் பார்த்துவிட்டு, தன் சொல்லை விட்டுவைத்து வினையை மட்டும் திருத்துவார். சரியாக இருந்தது ‘பத்ர லிக்கீ’ என்று கெட்டுவிடும். திருத்துவதானால் முழு வாக்கியத்தையும் திருத்துங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள் என்பது என் கருத்து.

ஒரு சொல்லின் பால் என்ன என்று சந்தேகம் வந்தால் ஊகிக்க வேண்டாம். இந்தி அகராதியில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் பக்கத்தில் சின்னதாக ‘பு.’ அல்லது ‘ஸ்த்ரீ.’ என்று போட்டிருக்கும். முதலாவது புல்லிங்கம், அதாவது ஆண்பால், அடுத்தது பெண்பால். உங்கள் விடையில் விடைக்குறிப்பில் இல்லாத பெயர்ச்சொல் வந்திருந்தால் முதல் வேலை அகராதியில் இந்த அடையாளத்தைப் பார்ப்பதுதான்.

பொருள் ஒன்றாக இருக்கும் சொற்கள் எல்லா இடத்திலும் ஒன்றை ஒன்று மாற்றி நிற்காது என்பதையும் கவனிக்க வேண்டும். வீட்டுக் கடிதத்துக்கு சிட்டீ, பத்ர, கத் மூன்றும் பொருந்தும். ஆனால் விண்ணப்பத்துக்கு ‘ஆவேதன் பத்ர’தான். அங்கே சிட்டீயைப் போட முடியாது. தனிச் சொல்லாக இருக்கும்போது கிடைக்கும் சுதந்திரம் தொடராக உறைந்த பிறகு கிடையாது.

அடுத்து ‘எனக்கு’. விடைக்குறிப்பு ‘முஜே’ என்கிறது. நீங்கள் ‘முஜ்கோ’ என்று எழுதியிருந்தால் அதுவும் சரி. இரண்டும் ஒன்றின் இரு வடிவங்கள். ‘மேரே லியே’ என்று எழுதியிருந்தால் அது ‘எனக்காக’ ஆகிவிடும். எனக்குப் பதிலாக அம்மா வேறு யாருக்கோ எழுதிக் கொடுத்தாள் என்று கூடப் படிக்கலாம். மூல வாக்கியத்தில் அது இல்லை, ஆகவே ஏற்க முடியாது. ‘மேரே கோ’ என்று எழுதியிருந்தால் நிலைமை வேறு. மும்பையிலும் டெல்லியிலும் தெருவில் நடந்தால் அது காதில் விழுந்துகொண்டே இருக்கும். பேச்சில் உயிரோடு இருக்கும் வடிவம் அது. ஆனால் எழுத்திந்தியில் அதற்கு இடமில்லை, தேர்வில் மதிப்பெண் போகும். இதற்கு நோட்டில் டிக்கும் வேண்டாம், பெருக்கல் குறியும் வேண்டாம். பக்கத்தில் ‘பேச்சு’ என்று எழுதி வையுங்கள்.

தமிழர்களைத் தனியாகச் சிக்க வைக்கும் இடம் ஒன்று உண்டு. ‘அம்மா அந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டாள்.’ தமிழில் ‘ஐ’ உருபு இருப்பதால் கை தானாக ‘கோ’ போட்டுவிடும். விடைக்குறிப்பில் ‘மா நே வஹ் சிட்டீ ஃபாட் தீ’ என்று இருக்கிறது, ‘கோ’ இல்லை. நீங்கள் ‘மா நே உஸ் சிட்டீ கோ ஃபாட் தியா’ என்று எழுதியிருக்கிறீர்கள். விடைக்குறிப்போடு மூன்று இடத்தில் மோதுகிறது: வஹ் என்பது உஸ் ஆகியிருக்கிறது, கோ சேர்ந்திருக்கிறது, தீ என்பது தியா ஆகியிருக்கிறது. இருந்தாலும் இது முழுக்கச் சரியான இந்தி. குறிப்பிட்ட ஒரு பொருளைச் சுட்டும்போது ‘கோ’ வரலாம். அது வந்ததும் ‘வஹ்’ திரிந்து ‘உஸ்’ ஆகும். வினையும் செயப்படுபொருளின் பாலை விட்டுவிட்டு ஆண்பால் ஒருமையில் நின்றுவிடும். மூன்று மாற்றமும் ஒன்றாக வந்ததால்தான் வாக்கியம் நிற்கிறது. ‘வஹ் சிட்டீ கோ ஃபாட் தீ’ என்று எழுதியிருந்தால் விடைக்குறிப்புக்குப் பக்கத்தில் இருப்பது போலத் தெரிந்தாலும் இரண்டு இடத்தில் உடைந்துபோன வாக்கியம் அது.

‘ஒரு கடிதம் எழுதினாள்’ போன்ற இடத்தில், எந்தக் கடிதம் என்று குறிப்பிடாதபோது, ‘கோ’ ஒட்டாது. தமிழில் அங்கே ‘ஐ’ கூட இல்லாமல் ‘கடிதம் எழுதினாள்’ என்றுதானே சொல்கிறோம்? அந்த உணர்வை அப்படியே நம்பலாம்.

இதுவரை பார்த்தவை இந்திப் பக்கத்துக் கேள்விகள். விடை வேறுபடுவதற்குப் பல நேரம் காரணம் தமிழ்ப் பக்கத்தில் இருக்கும். அதைத்தான் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

‘நான் தினமும் ஆபீசுக்குப் போகிறேன்.’ விடைக்குறிப்பில் ‘மைன் ரோஸ் தஃப்தர் ஜாதா ஹூன்’ என்று இருக்கும். ஒரு பெண் ‘ஜாதீ ஹூன்’ என்று எழுதியிருப்பார். விடையைப் பார்த்ததும் அடித்து ‘ஜாதா’ என்று மாற்றிக்கொள்வார். இப்படி அடித்துத் திருத்திய நோட்டுகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தமிழில் ‘போகிறேன்’ ஆணா பெண்ணா என்று காட்டாது. இந்தியில் காட்டியாக வேண்டும். விடைக்குறிப்பு ஆணின் வாயிலிருந்து எழுதப்பட்டிருக்கிறது. பேசுவது பெண் என்றால் ‘ஜாதீ’தான் சரி. திருத்திக்கொண்டவர் அதே பழக்கத்தில் நாளைக்கு ஒரு வடக்கத்தித் தோழியிடம் ‘ஜாதா ஹூன்’ என்று பேசப் போகிறார்.

‘டாக்டர் நாளை வருவார்’ என்பதும் இப்படித்தான். டாக்டர் ஆணா பெண்ணா என்று ‘வருவார்’ சொல்லவில்லை. ஆயேங்கே, ஆயேங்கீ இரண்டும் ஏற்கத்தக்கவை. மரியாதைப் பன்மை இருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். ‘ஆயேகா’ என்று ஒருமையில் எழுதியிருந்தால் மூலத்தில் இருந்த ‘ஆர்’ விகுதியின் மரியாதை போய்விட்டது. அது பிழை.

‘அப்பா வருகிறார்’ இன்னும் சுவையானது. தமிழில் இந்த ஒரே வினை, வழக்கமாக வருவதையும் இந்தக் கணம் வந்துகொண்டிருப்பதையும் குறிக்கும். இந்தியில் முதலாவது ‘பிதாஜீ ஆதே ஹைன்’, அடுத்தது ‘பிதாஜீ ஆ ரஹே ஹைன்’. புத்தகம் எதைக் கொடுத்திருந்தாலும் மற்றதும் சரியே, வாக்கியத்தில் காலம் காட்டும் சொல் இல்லாத வரை. ‘தினமும்’ என்ற சொல் இருந்தால் ‘ஆதே ஹைன்’ மட்டும். ‘இதோ’ இருந்தால் ‘ஆ ரஹே ஹைன்’ மட்டும். ‘நாளை வருகிறார்’ என்றால் ‘ஆ ரஹே ஹைன்’, ‘ஆயேங்கே’ இரண்டையும் ஏற்கலாம், ‘ஆதே ஹைன்’ பொருந்தாது. ஆகவே வினையின் காலத்தில் விடை வேறுபட்டால், இந்தியைப் பார்ப்பதற்கு முன் தமிழ் வாக்கியத்தில் நேற்று, நாளை, தினமும், இப்போது என்று ஏதாவது இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே தீர்ப்பு கிடைத்துவிடும்.

மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கப் பலரும் சொல்லித் தரும் வழி ஒன்று உண்டு. எழுதிய விடையை ஒரு நாள் ஆறப்போட்டு, மூலத்தைப் பார்க்காமல் அதை மறுபடி தமிழுக்குக் கொண்டுவருவது. பழைய வாக்கியமே திரும்பி வந்தால் விடை சரி என்பார்கள். நல்ல வழிதான். ‘மேரே லியே’ போன்ற பொருள் நழுவல்களை இது பிடித்துவிடும். ஆனால் ‘சிட்டீ லிக்கா’வைப் பிடிக்காது. அதைத் தமிழாக்கினாலும் ‘கடிதம் எழுதினாள்’ என்றுதான் வரும், ஏனென்றால் நம் தமிழ் வினைக்குக் கடிதத்தின் பாலோடு சம்பந்தமே இல்லை. எதிர்ப்புறமும் இதற்கு எல்லை உண்டு. ‘நாங்கள் போவோம்’ என்பதை ‘ஹம் ஜாயேங்கே’ என்று சரியாக எழுதியிருப்பீர்கள். ஒரு நாள் கழித்துத் திருப்பும்போது ‘நாம் போவோம்’ என்று வரலாம். அதனால் விடை தப்பாகிவிடாது. இந்தியில் நாமுக்கும் நாங்களுக்கும் ஒரே ‘ஹம்’தான். பொருளுக்கு ஒரு சோதனை, வடிவத்துக்கு இன்னொரு சோதனை என்று தனித்தனியாக நடத்துவதுதான் பத்திரம். வடிவச் சோதனை எளியது: வினையில் விரலை வைத்து, இது எந்தச் சொல்லோடு ஒத்துப்போகிறது என்று கேட்டு, அந்தச் சொல்வரை பின்னோக்கிப் போய்ப் பார்ப்பது.

விடைக்குறிப்பே தப்பாக இருந்தால்? இருக்கும். இந்தியில் பெண்பால் இறந்தகால வினைக்கு ஒருமையும் பன்மையும் ஒரே ஒரு புள்ளியில் பிரிகின்றன. சிட்டீ லிக்கீ, சிட்டியான் லிக்கீன். அந்த ‘ன்’ ஒலி எழுத்தின் தலைக்கு மேல் வைக்கும் ஒரு புள்ளி மட்டுமே. அச்சில் அது விழுந்துவிடுவது சகஜம். ‘சிட்டியான்’ என்று பன்மை இருந்து வினையில் மட்டும் புள்ளி இல்லாவிட்டால், உடனே உங்கள் விடையை மாற்ற வேண்டாம். அதே பாடத்தில் அதே அமைப்பில் உள்ள வேறு இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள். அங்கே புள்ளி இருந்தால் இங்கே அச்சுப்பிழை.

எழுத்துக் கூட்டலில் உள்ள வேறுபாடு வேறு வகை. ‘ஹிந்தீ’ என்ற சொல்லிலேயே நடுவில் வரும் ‘ந்’ ஒலியை அரை எழுத்தாகவும் போடலாம், மேலே புள்ளியாகவும் வைக்கலாம். பழைய புத்தகங்களில் அரை எழுத்து அதிகம். மத்திய இந்தி இயக்ககத்தின் வரையறை புள்ளியைப் பரிந்துரைக்கிறது. இரண்டையும் பிழையாக எண்ண வேண்டியதில்லை. ஒரே தாளில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் தீராத சில வாக்கியங்கள் மிஞ்சும். அவற்றுக்குக் கேள்விக்குறி போட்டு, தெரிந்தவரிடம் கொண்டுபோக வேண்டும். எப்படிக் கேட்கிறோம் என்பதில் நிறைய இருக்கிறது. ‘இது சரியா?’ என்று கேட்டால், நம் மனம் நோகக் கூடாது என்று ‘புரிகிறது, சரிதான்’ என்று சொல்லிவிடுவார்கள். புரிவது வேறு, அப்படிச் சொல்வார்களா என்பது வேறு. ‘இந்த இரண்டில் நீங்கள் எதைச் சொல்வீர்கள்? மற்றதை எப்போது சொல்வீர்கள்?’ என்று இரண்டு வாக்கியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு ‘எப்போதும் சொல்ல மாட்டோம்’ என்று பதில் வந்தால் பெருக்கல் குறி. ‘கோபமாக இருந்தால்’, ‘பெரியவர்களிடம்’, ‘எழுதும்போது’ என்று ஏதாவது ஒரு சூழலைச் சொன்னால் அது உயிருள்ள மாற்று விடை. அந்தச் சூழலையும் சேர்த்து நோட்டில் எழுதுங்கள்.

கேட்கும் ஆள் எந்த ஊர்க்காரர் என்பதையும் மனதில் வைக்க வேண்டும். பீகாரிலும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும் பேச்சில் ‘நே’ இல்லாமலே இறந்தகாலத்தைச் சொல்பவர்கள் நிறைய. பஞ்சாபியின் செல்வாக்கு உள்ள டெல்லிப் பேச்சில் ‘முஜே ஜானா ஹை’ என்பதற்குப் பதில் ‘மைன்னே ஜானா ஹை’ என்பார்கள். அவர்கள் தாய்மொழியாகப் பேசுவதைப் பிழை என்று நாம் சொல்ல முடியாது. ஆனால் பாடப்புத்தகத்து எழுத்திந்திக்கு அவர்கள் பேச்சைச் சாட்சியாகக் கொண்டுவரவும் முடியாது. இலக்கணக் கேள்வியை இந்தி ஆசிரியரிடம் கேளுங்கள். எங்கே எப்படிப் பேசுவார்கள் என்ற கேள்வியை அடுத்த வீட்டு வடக்கத்திக்காரரிடம் கேளுங்கள்.

தேர்வு எழுதப் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. நோட்டில் ஒரு வாக்கியத்துக்கு எத்தனை மாற்று விடை சேர்ந்தாலும் நல்லது. தேர்வுத் தாளில் கோடு போட்டு இரண்டு விடை எழுதாதீர்கள். கடிதத்துக்கு மூன்று சொல் தெரிந்திருந்தாலும், எதன் பால் உங்களுக்குச் சந்தேகமே இல்லாமல் தெரியுமோ அந்தச் சொல்லை எழுதி, வினையை அதோடு ஒருமுறை சரிபார்த்துவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போங்கள்.